மெயிலில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

தாராவியில் பை தைப்பவர்களுக்கு ஜிப், பக்கிள், ரன்னர் விற்கும் கடை என்னுடையது. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது, யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்யக் கூடாது என்பதுதான். பை வாங்க வருகிறவரை தரகர்கள் நேர் வழியில் கூட்டிப்போக மாட்டார்கள். மூன்று சந்து சுற்றி, சாக்கடையைத் தாண்டி, பின்வாசல் வழியாக பட்டறைக்குள் நுழைப்பார்கள். அடுத்த முறை அவர் தனியாக வந்து சேர்ந்துவிடக் கூடாதல்லவா? நானும் அப்படிச் சுற்றிக் கூட்டிப்போனவன்தான். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட நான் போன மழைக்காலத்தில் இரண்டு பேரை மெயிலில் அறிமுகப்படுத்தினேன்.

ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. எட்டு மெஷின் வைத்துத் தோல் பை தைக்கிறவர், என் கடையின் பழைய வாடிக்கை. வழக்கமாக வந்த வேலை நின்றுபோய் மெஷின்கள் சும்மா கிடந்தன. வேலை இல்லாத பட்டறையில் காரிகர், அதாவது தையல்காரர்கள், தங்க மாட்டார்கள். நல்ல தையல்காரன் போனால் திரும்ப வரமாட்டான் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

இன்னொருவர் செம்பூரில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் அம்மாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஆபீஸ்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டிகளை அவர் கம்பெனி தயாரிக்கிறது. இருநூறு தோல் லேப்டாப் உறை வேண்டும், வாஷியில் வழக்கமாகத் தைத்துத் தருகிறவர் இவ்வளவு சின்ன ஆர்டர் எடுப்பதில்லை, பத்து நாளில் சாம்பிள் பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஜிப் விலை கேட்டபோது சொன்னார்.

இரண்டு பேரிடமும் முதலில் தனித்தனியாகக் கேட்டேன். அம்மாள் உடனே சரி என்றார். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒமக்கு இதுல என்ன வரும்வே?"

"ஒண்ணும் வராது அண்ணாச்சி. உறைக்கு ஜிப் என்கிட்ட வாங்குவீங்க, அவ்வளவுதான்."

"அது எப்படியும் ஒம்மகிட்டதானே வாங்குதேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. சும்மா கொடுத்தால் சந்தேகம், காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் மரியாதை. இது என்ன ஊர்!

அன்றே மெயில் போட்டேன். இருவர் முகவரியும் போட்டு, தலைப்பிலேயே தோல் லேப்டாப் உறை என்று காரணத்தை எழுதினேன். அண்ணாச்சி யார், என்ன தைப்பார், எத்தனை மெஷின் என்று இரண்டு வரி. அம்மாளுக்கு என்ன வேண்டும், எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று இரண்டு வரி. இனி நீங்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள், எனக்கு இதில் கமிஷன் இல்லை என்று முடித்தேன். அண்ணாச்சிக்கு போன் செய்து, "மெயில் போட்டாச்சு, பாருங்க" என்றேன். "பார்க்கேன்" என்றார்.

அரை மணி நேரத்தில் அம்மாளின் பதில் வந்தது. எனக்கு நன்றி. அண்ணாச்சியிடம் சாம்பிள் படங்கள் கேட்டு, பட்டறையைப் பார்க்க வரலாமா என்றும் ஒரு கேள்வி. கடைசியில் எனக்கு ஒரு வரி: உங்கள் மெயில் பெட்டி நிரம்ப வேண்டாம், உங்களை பிசிசிக்கு மாற்றிவிட்டேன். அதாவது அந்த மெயிலோடு நான் வெளியே. அதற்குப் பிறகு அவர்கள் எழுதுவது எதுவும் எனக்கு வராது.

அது நாகரிகம்தான், ஆபீஸ்களில் அப்படித்தான் செய்வார்கள். தெரியும். ஆனாலும், கதவைத் திறந்துவிட்டவனையே வெளியே நிறுத்திப் பூட்டினார்களே!

ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. அண்ணாச்சியாகச் சொல்லட்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆறாம் நாள் ஏதோ வேலை போல அவர் பட்டறைப் பக்கம் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது, ஜிப்பைக்கூட வேறு கடையில் எடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். எலிக்குத் தெரியாமல் பூனை பால் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். "பூனைதான் பால் குடிக்கும், எலிக்கு என்ன?" என்றாள் மனைவி.

பதினோராம் நாள் அண்ணாச்சி கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"மெயில் போட்டேன், மெயில் போட்டேன்னு சொன்னீரு. ஒரு போன்கூட வரலியே. அந்த ஆர்டரை யாருக்குவே தள்ளிவிட்டீரு? ரெண்டு காரிகரை நேத்து அடுத்த பட்டறைக்கு அனுப்பிட்டேன். போன வாரமே அந்தப் பட்டறைக்காரர்கிட்ட போன்ல கெஞ்சிக்கிட்டு இருந்தேன், வச்சுக்கோங்க, வேலை வந்ததும் திருப்பி அனுப்புங்கன்னு."

போனை எடுத்து மெயிலைக் காட்டினேன். அவர் முகவரியை உற்றுப் பார்த்தார்.

"இது நான் பாக்குறது இல்லியே."

"உங்க கார்டுல இருக்குறதுதானே அண்ணாச்சி?"

"ஜிஎஸ்டி எடுக்கும்போது மெயில் வேணும்னாரு சயான்ல கணக்கு பாக்குறவரு. அவரே ஒண்ணு போட்டாரு. கார்டுலயும் அதையே அடிச்சேன். தெறக்கத் தெரியாதுன்னு ஒம்மகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

சயானுக்கு நடந்தே போனோம். கணக்குகளைத் தாக்கல் செய்து தரும் அந்த மனிதர், பத்துப் பதினைந்து கடைக்காரர்களின் மெயில்களைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தார். அண்ணாச்சியின் பெட்டியைத் திறந்தார். என் மெயில். அதன் மேல் அம்மாளின் மெயில்கள் மூன்று. எதுவும் திறக்கப்படவில்லை. கடைசியது முந்தின நாள் வந்தது: உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் காலை இருவரும் செம்பூருக்குப் போனோம். அண்ணாச்சி தன் வேலைப்பாடு தெரிய இரண்டு பைகளைக் கொண்டுவந்திருந்தார். அம்மாள் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நன்னா இருக்கு. ஆனா இந்த ஆர்டர் போயிடுத்து. அடுத்த தடவை நிச்சயமா கூப்பிடறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எழுதினது அத்தனை தெளிவா இருந்தது. யாரு, எதுக்கு, எப்போக்குள்ள, எல்லாம். ஆனா இவரோட போன் நம்பர் மட்டும் ஏன் போடலை? இருந்தா ரெண்டாம் நாளே கூப்பிட்டிருப்பேன். உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன். கமிஷன் இல்லைன்னு எழுதிட்டு நம்பரை மறைச்சு வெச்சிருக்கேளே, இதுல ஏதோ இருக்குன்னு தோணித்து. விட்டுட்டேன்."

நம்பரை நான் எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த வரியை அழித்தேன். மெயில் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கேயாவது சிக்கினால் என்னிடம்தானே வர வேண்டும் என்ற நப்பாசைதான் அது.

"மறந்துட்டேன்மா" என்றேன்.

அண்ணாச்சி பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"மறக்கல மேடம்" என்றார். "நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்."

அம்மாள் ஒரு காகிதத்தை அவர் முன் நகர்த்தினார். அண்ணாச்சி என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து, பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதிக் கொடுத்தார்.