நீலாயதாட்சி கட்டிய ஆறு வீடுகள்

நீலாயதாட்சி பதினேழு வருஷம் அரபு நாட்டு அம்மான் நகரத்தில் நர்ஸாக இருந்தாள். அவள் கணவர் உத்திராபதி சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் மூன்று வருஷம்கூடத் தேறாது. ஊருக்குத் திரும்பி, காரைக்காலில் அரசலாற்றங்கரைப் பக்கம் வீடு பிடித்தபோது, ஒருவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று இன்னொருவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பெட்டியிலிருந்து ஒரு மடக்குப் பலகையை அவள் எடுத்து வைத்தாள். அம்மானில் அவள் பார்த்துக்கொண்ட, படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவி அவளுக்குக் கற்றுக்கொடுத்த விளையாட்டு.

"இது தாவ்லா இல்ல?" என்றார் உத்திராபதி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கேப்டன் துருக்கிக்காரர். மத்தியானமானா இதான்."

அன்றிலிருந்து மத்தியானங்கள் அவர்களுடையவை ஆயின. கடல்காற்று ஜன்னல் திரையை உள்ளே ஊதும், வெளியே இழுக்கும். பகடை உருளும் சத்தத்தில் அவளுக்கு அம்மானின் மலைச்சரிவு வீடுகள் தெரியும். அவருக்கு ஏதோ ஒரு துறைமுகத்தின் விளக்குகள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

ஐப்பசியில் மும்பையிலிருந்து ஏஜென்ட் கூப்பிட்டார். ஒன்பது மாத ஒப்பந்தம். உத்திராபதி அப்புறம் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டு, பலகையை விரித்தார்.

"நான் ஜெயிச்சா போயிட்டு வர்றேன். நீ ஜெயிச்சா இந்த வருஷம் போகல."

"மார்ஸ் வச்சா?"

தன் காய்களையெல்லாம் பலகையில் தன் மூலையான கோட்டைக்குள் சேர்த்து முதலில் வெளியே எடுப்பவருக்கு வெற்றி. எதிராளி ஒரு காயைக்கூட வெளியே எடுப்பதற்கு முன் ஆட்டம் முடிந்தால் அதற்குப் பேர் மார்ஸ், இரட்டை வெற்றி. அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "அப்ப இனிமே கப்பலே வேணாம்."

பாதி ஆட்டத்தில் அவருடைய காய் ஒன்றை அவள் வெட்டினாள். வெட்டுப்பட்ட காய் நடுக்கட்டையில் உட்கார்ந்தது. அது அவளுடைய கோட்டைக்குள் இறங்கினால்தான் அவர் வேறு எதையும் நகர்த்த முடியும். கோட்டையில் ஆறு இடம். இரண்டு காய் சேர்ந்து நின்றால் வீடு, அங்கே அவர் இறங்க முடியாது; தனியாக நின்றால் வெட்டி இறங்கலாம். மூன்று முதல் ஆறு வரை நான்கு வீடுகள் அவளிடம் இருந்தன. ஒன்றிலும் இரண்டிலும் ஒவ்வொரு காய் தனியாக நின்றது. அவர் வீசினார், இறங்கவில்லை.

அவள் வீசினாள். ஆறும் மூன்றும்.

தூரத்தில் அவருடைய இன்னொரு காய் தனியாக நின்றது. பின்னால் நின்ற அவளுடைய கடைசிக் காயிலிருந்து சரியாக ஒன்பது இடம். வெட்டினால் இரண்டு காய்கள் நடுக்கட்டையில், மார்ஸுக்கு வழி. ஆனால் கோட்டையில் அவளுடைய இரண்டு தனிக்காய்களும் திறந்தே கிடக்கும். அவருக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஆட்டம் தலைகீழ்.

மழை கூரையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது. காய்களைப் பார்த்தபடியே அவள் எங்கோ போய்விட்டாள். விமான நிலையங்களில் அழுதுகொண்டே பிரிந்த காலைகள் எல்லாம் ஒரே நீளமான காலையாகத் தெரிந்தன.

"தூங்கிட்டியா?"

"இல்லங்க."

அந்தக் காய் எங்கே ஓடப் போகிறது? நடுக்கட்டையில் ஒன்று மாட்டியிருக்கும்வரை அதுவும் நின்ற இடத்தில்தான் நிற்கும். முதலில் வீடு. ஆறை வைத்து இரண்டாம் இடத்தை மூடினாள், மூன்றை வைத்து இன்னொரு காயை அருகே கொண்டுவந்தாள். இப்போது ஐந்து வீடு. மிச்சம் ஒன்றாம் இடம் மட்டும். அவருக்கு ஒன்று விழுந்தால் போச்சு.

அவர் குலுக்கி வீசினார். நாலும் ஆறும்.

அவளுக்கு ஆறும் இரண்டும் விழுந்தது. ஆறை வைத்து ஒன்றாம் இடத்தையும் மூடினாள். ஆறும் வீடு. இனி அவர் பகடையையே தொட வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்து விழுந்தது ஐந்தும் நாலும். மறுபடி ஒன்பது. தனிக்காய் அங்கேயே நின்றது. இப்போது எந்த ஆபத்தும் இல்லை. அவள் கை அந்தக் கடைசிக் காய்வரை போய்த் திரும்பியது. கோட்டையருகே மிஞ்சியிருந்த இரண்டு காய்களை உள்ளே நகர்த்தினாள்.

உத்திராபதி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் வெட்டல?"

"இந்த வருஷம் போதும். அடுத்ததை நீங்களே சொல்லுங்க."

ஆட்டத்தை அவளே ஜெயித்தாள், ஒற்றை வெற்றி. அன்று சாயங்காலமே அவர் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு வரவில்லை என்றார்.

மறுவருஷமும் போன் வந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் அவர் பேசுவது கேட்டது: "இல்ல சார், இனிமே வேற ஆளைப் பாருங்க."

அவள் வறுத்துக்கொண்டிருந்த மீனைத் திருப்பிப் போட்டாள்.