தோல் கணக்கில் அளந்த மொட்டை மாடி

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஸ்டோரில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். இத்தனை சதுர அடி தோல் வந்தால் இத்தனை ஜோடி வெட்டலாம், வேஸ்ட் பத்து சதவீதம் போகும் என்று வாயாலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

என் அக்கா ஒடுகத்தூர் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரசவ அறை விளக்கு, தடுப்பூசி ஃப்ரிட்ஜ், ஆக்சிஜன் மிஷின், பிறந்த குழந்தைகளுக்குச் சூடு தரும் வார்மர், நான்கும் சோலாரில் ஓட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அதற்கு முப்பது பேனல் வேண்டும் என்று காட்பாடி சோலார் கம்பெனிக்காரர் கணக்குப் போட்டார். மாடியை நேரில் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

"நீங்க எதுக்குப் பேஜார் படுறீங்க, நானே அளந்து சொல்றேன்" என்றேன்.

மாடி முப்பதடிக்கு இருபத்து நான்கு. எழுநூற்று இருபது சதுர அடி. பேனல் ஒன்று ஐந்தடி இரண்டங்குலம் நீளம், இரண்டடி எட்டங்குலம் அகலம். சுமார் பதினான்கு சதுர அடி. வகுத்தேன், ஐம்பத்தொன்று. பத்து சதவீதம் வேஸ்ட் கழித்தேன், நாற்பத்தாறு. "முப்பது என்ன, நாப்பது கூட நிக்கும்க்கா" என்றேன். அவள் என்னை நம்பி, பழைய ஜெனரேட்டரைக் கடையில் கொடுத்து, சோலாருக்கான பேட்டரியை மாற்றாக வாங்கியே விட்டாள்.

முப்பது பேனலும் வந்து இறங்கிய அன்றுதான் கம்பெனிக்காரர் மாடி ஏறினார். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட ஆரம்பித்தார். தெற்குச் சுவரின் நிழல் விழும் என்று மூன்றடி விட்டார். வடக்கே இரண்டடி, பக்கத்துக்கு இரண்டரை அடி. ஒரு வரிசைக்கு ஐந்தடி, நடுவே நடக்க இரண்டடி. மூன்று வரிசைதான் வந்தது. வரிசைக்கு ஒன்பது, ஆக இருபத்தேழு. அப்புறம் படிக்கட்டு அறை மூன்றைத் தின்றது, தண்ணீர்த் தொட்டி இரண்டைத் தின்றது.

"இருபத்திரண்டு சார்" என்றார்.

"அந்த நடைவழிய எடுங்க, வடக்கே ஒரு அடி கொறைங்க. நாலு வரிசை வரும்."

"அப்ப தூசி யார் தொடைப்பாங்க? ஒண்ணு கெட்டா எப்படிக் கிட்ட போறது? முன்வரிசை நிழல் பின்வரிசை மேல வேற விழும். சாய்ச்சுல்ல வெக்கிறோம்."

விடுவேனா? கட்டிங் மேஜையில் தோலைத் திருப்பித் திருப்பி வைத்து இடம் பிடிப்பதுபோல, பேனல் அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்தேன், நெடுக்கே வைத்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனிக்காரர் பொறுமையிழந்து, "சார், இது தோல் இல்ல. ஓரத்துல துண்டு வெட்டி ஒட்ட முடியாது" என்றார். கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. வார்டு மேலே போடலாமா என்று கேட்டேன். அது பழைய ஷீட் கூரை, தாங்காது என்றார்.

அக்கா மேலே வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. கையில், சோலாரில் ஓட வேண்டியவை என்று அவள் எழுதிவைத்த பட்டியல்.

"இன்னா ஆச்சு?"

கம்பெனிக்காரர்தான், "எட்டு பேனல் நிக்காதும்மா. எதாவது ஒண்ண சோலார்ல இருந்து எடுக்கணும்" என்றார்.

"எத எடுத்தா சரியா வரும்?"

"வார்மர்தான் ஜாஸ்தி இழுக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு. "ஜெனரேட்டர திருப்பிக் கேக்கலாம்க்கா" என்று முனகினேன்.

"அத வாங்கினவன் அன்னிக்கே வித்துட்டான்."

பட்டியலையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"நீயே அடி."

"அக்கா..."

"அடிடா. நாப்பது நிக்கும்னு கணக்குப் போட்ட கைதானே."

வார்மர் என்று அவள் எழுதியிருந்த வரியின் மேல் கோடு போட்டேன். தாளை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"இனிமே கரண்ட் போனா குழந்தைய அம்மா நெஞ்சுல போட்டு துணி போத்தி வெப்போம்" என்றாள். "அம்மாவுக்கே நெனவில்லாம கெடந்தா, உனக்குப் போன் பண்றேன். நீ வந்து மடியில வெச்சுக்கோ."