பத்துப் பங்கு, பத்துக் கட்டணம்

கல்லூரி இரண்டாமாண்டில் என்னிடம் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. பங்குச்சந்தையில் பணத்தைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். முழுப் பங்காகத்தான் வாங்க முடியும் என்பதால், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்த பத்து நிறுவனங்களில் தலா ஒரு பங்கு வாங்கினேன்.

ஒரே மாதத்தில் பத்தும் பத்துப் பத்து ரூபாய் ஏறின. மலைமேல் எங்கள் மிளகுத் தோட்டம் இருக்கும் செம்மேட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், அடுத்த கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்விடுமே என்று அவசரமாக எல்லாவற்றையும் விற்றேன். நூறு ரூபாய் லாபம்! இறங்கியதும் தோழிக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் பார்த்தால், விற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் பதினைந்து ரூபாய் கட்டணம் பிடித்திருந்தார்கள். ஒரு பங்கு விற்றாலும் நூறு விற்றாலும் அதே பதினைந்துதானாம். பத்திலும் ஜெயித்து ஐம்பது ரூபாய் நஷ்டம்.

வழக்கமாக என்னை வாடி போடி என்னும் தோழி, இதைக் கேட்டதும் அன்று மரியாதை கொடுத்தாள். "ஏனுங்க, மொளகையும் ஒவ்வொரு கிலோவாத்தான் பஸ்ல ஏத்தி, ஒவ்வொருக்காவும் டிக்கெட் எடுப்பீங்களா?"

எரிச்சலில் திட்டத்தையே மாற்றினேன். பல நிறுவனங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே ஃபண்டின் யூனிட்டுகளில் மொத்தப் பணத்தையும் போட்டேன். படிப்பு முடிந்ததும் ஒரே தடவையில் விற்பேன். கட்டணமும் ஒரு தடவைதான்.

"அப்ப அடுத்த பஜ்ஜி?" என்றாள்.

"விக்கற அன்னிக்குத்தானுங்க. அதுவும் ஒரே தட்டுங்க."