பனமரத்துப்பட்டியில் சொல்லாமல் வந்தது

மயில்சாமியை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பது லேசான காரியமில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே வலது கால் ஆட ஆரம்பிக்கும். பிறகு கண் வாசலுக்குப் போகும். அதற்கப்புறம் யார் என்ன பேசினாலும் அவர் காதில் பாதிதான் ஏறும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்த ஊர். இளவயதிலேயே போர்வெல் போடும் ரிக் லாரியில் ஏறிவிட்டார். அந்தத் தொழிலில் தண்ணீர் வந்துவிட்டால் தோட்டக்காரர் சும்மா விடமாட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துச் சோறு போடுவார். இவருக்கோ அடுத்த குழி காத்துக்கொண்டிருக்கும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கற்றுக்கொண்டது, மனம் கோணாமல் எழுந்து வருவதற்கான பேச்சைத்தான். ஆந்திராவில் ‘வெள்ளொஸ்தானு’, போய் வருகிறேன். மராட்டியத்தில் ‘யேதோ’ என்றால் போதும். வருகிறேன் என்று அர்த்தம். போகிறவன் வாயிலிருந்து போகிறேன் என்ற சொல் வந்தால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள். கானாவில் மூன்று வருடம் இருந்தபோது ஒரு ஆங்கிலேயர் மேற்பார்வைக்கு இருந்தார். அவர் இரண்டு முழங்காலிலும் தட்டி ‘ரைட்’ என்பார், ‘நான் கிளம்பியாகணும்’ என்பார், எழுந்துவிடுவார். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஏதோ வேலை அவரைப் பிடித்து இழுப்பது போல ஒரு பாவனை. மயில்சாமிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஊருக்கு வந்தபிறகும் முழங்காலில் தட்டுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

உள்ளூரில் அவருக்கு வசதியாக இருந்த இடம் சாவு வீடு ஒன்றுதான். அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். ‘வாரேன்’ என்று சொன்னால்தான் தப்பு.

மகன் தமிழரசுக்குப் பெண் பார்க்கப் பனமரத்துப்பட்டிக்குப் போன அன்று, மயில்சாமியின் கால் ஏற்காட்டு மலை ஏறியிறங்கும் அளவுக்கு ஆடிவிட்டது. பெண்ணின் அப்பா மாதையன் நிதானமான மனிதர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய் காப்பி குடிப்பார். பெண் தனப்பிரியா வந்து நின்று போனாள். தமிழரசுவின் முகத்தைப் பார்த்தாலே சம்மதம் தெரிந்தது. கேசரியும் வடையும் சாப்பிட்டாகிவிட்டது. பேச்சு முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பதால் சாப்பாட்டுப் பேச்சை இருதரப்பும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ராசிபுரத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அவருடைய ரிக்கில் ராடு முறிந்து, பாறையை உடைக்கிற ஹேமர் குழிக்குள் நின்றுவிட்டது. மயில்சாமி போனைக் காதில் வைத்தபடியே இன்னொரு கையால் முழங்காலில் தட்டினார். எழுந்தார்.

“நான் போவணுங்க. அப்பறமாச் சொல்றனுங்க” என்றார்.

போனில் இருந்தவனுக்கு ஒரு பாதி, மாதையனுக்கு ஒரு பாதி. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். பெண்ணின் அம்மா சென்னியம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வருவதற்குள், பாவாயியும் புருஷன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. நெற்றியில் வைத்துக்கொள்ளாமலே படியிறங்கினாள்.

அவர் ராசிபுரம் போய்ச் சேருவதற்குள் பசங்களே ஹேமரைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் தரகர் பேசினார். “பொண்ணு ஊட்டுல வேற எடம் பாக்கறாங்களாமுங்க. உங்களுக்குப் புடிக்கலைன்னு அவங்களுக்குப் புரிஞ்சு போச்சாம்.”

“புடிக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்று பாவாயியைக் கேட்டார் மயில்சாமி.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “ஏனுங்க, புடிச்சிருந்தா ‘போயிட்டு வாரமுங்க’ம்பாங்க. புடிக்கலைன்னா ‘ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க’ம்பாங்க. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு ஆரு சொல்லுவாங்க? நீங்க சொல்றேன்னதோட நிறுத்தாம, போவணும்னு வேற சொல்லிட்டு வந்தீங்க. பத்தாததுக்குக் குங்குமம்கூட வாங்காம என்னை இழுத்துட்டு வந்துட்டீங்க.”

தமிழரசு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் ‘வாரேன்’ என்று சொல்லாமல் போனது அன்றைக்குத்தான் மயில்சாமிக்குச் சுருக்கென்றது.

அன்று மத்தியானமே பாவாயியும் அவரும் மறுபடி பனமரத்துப்பட்டிக்குப் போனார்கள். மாதையன் “வாங்க” என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பு வந்தது, காப்பி வரவில்லை. மயில்சாமி தன் வலது கால் மேல் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“நேத்து நாஞ்சொன்னது ரிக்குக்காரப் பசங்களுக்குச் சொன்னதுங்க. உங்களுக்கில்லீங்க.”

மாதையன் யோசித்தார். “செரிங்க. பசங்களுக்கு அப்பறமாச் சொல்றேன்னீங்க. எங்களுக்கு என்னுங்க சொன்னீங்க?”

மயில்சாமியின் கண் வாசலுக்குப் போனது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் இந்த வீட்டுக்குள் இனி வர முடியாது.

“ஒண்ணும் சொல்லலீங்க. தப்புத்தானுங்க” என்றார். பிறகு, “கானாவுல ஒரு வழக்கம் இருக்குதுங்க. கெளம்பறவன் அவனாக் கெளம்ப மாட்டான். ‘எனக்கு வழி குடுங்க’ன்னு ஊட்டுக்காரங்களைக் கேப்பான். அவங்க ‘பாதி வழிதான் தருவோம்’பாங்க. மீதிப் பாதி, திரும்பி வர்றதுக்காவ. நேத்து நான் உங்களைக் கேக்காமயே முழு வழியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டனுங்க.”

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. தனப்பிரியாவாகத்தான் இருக்க வேண்டும். மாதையன் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, “ஏஞ்சாமி, நீ என்ன சொல்ற?” என்று கேட்டார்.

“அவங்க நேத்து வேண்டாம்னு சொல்லலீங்கப்பா. அந்தப் பையன் வாசல்ல நின்னு அம்மாகிட்ட ‘வாரனுங்க’ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்கதான் பெரியவரை மட்டும் பாத்தீங்க.”

மாதையன் சென்னியம்மாளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பிறகு பாவாயியிடம் வந்து, “இருந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க” என்றாள்.

அதற்கு மேல் தரகரிடம் கேட்க ஒன்றுமில்லை. அந்த வீட்டில் கை நனைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பாவாயியின் கண் கலங்கிவிட்டது.

ஆனால் உலை அப்போதுதான் வைத்தார்கள். அரிசி வெந்து, குழம்பு கொதித்து, வெண்டைக்காய் வதங்குகிற வரைக்கும் மயில்சாமி உட்கார்ந்திருந்தார். மாதையன், ஊர் ஏரியில் தண்ணீர் எந்த வருடம் எவ்வளவு நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார். சட்டைப் பையில் போன் இரண்டு தரம் அதிர்ந்தது. இரண்டாவது தரம் கை தானாகப் போனது, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். ஆயிரம் அடி குழி இறக்குவது இதைவிடச் சுலபம் என்று நினைத்தார்.

சாப்பிட்டு எழுந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சென்னியம்மாள் பாவாயிக்குக் குங்குமம் கொடுத்து, பூவும் வெற்றிலைபாக்கும் வைத்தாள். மயில்சாமி மாதையனைப் பார்த்துக் கும்பிட்டு, “போயிட்டு வாரமுங்க” என்றார்.

“போயிட்டு வாங்க” என்றார் மாதையன். இந்தத் தடவை வாசலோடு நிற்கவில்லை. கூடவே நடந்து வந்தார்.

கிளம்பியாயிற்று என்று மயில்சாமி நினைத்தார். காரில் ஏறி, வண்டியைக் கிளப்பியும் விட்டார். ஆனால் ஜன்னல் பக்கம் வந்து குனிந்த சென்னியம்மாளுக்கு நிச்சயத்துக்கு எந்த மாதம் தோது என்று கேட்க வேண்டியிருந்தது. பாவாயிக்கு ஆவணியில் முடியாது என்பதற்கான காரணத்தை ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு எந்தப் பாஷையிலும் அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. ஸ்டியரிங்கின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்ரோல் வீணாகிறதே என்று சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.