வெட்டிய பட்டியலில் ‘வேண்டாம்’

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண சேவை நிலையத்தில் சில மாதம் வேலை பார்த்தேன். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால், வரன்களின் விபரங்களைத் திருத்தித் தரும்படி நிலையத்தை நடத்தும் அம்மா கேட்டிருந்தார். கணினியில் அவற்றைத் தேடும் வசதியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் இளைஞர் செய்துகொண்டிருந்தார்.

“அங்கிள், அடிக்கடி வாற சொல்லுகளை எண்ணி எடுத்திருக்கிறன். தேடேக்க அதுகளைக் கணக்கில எடுக்கத் தேவையில்லை. எதை விடலாம் எண்டு சொல்லுங்கோ.”

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘மற்றும்’, ‘உள்ள’, ‘தேவை’ உடனே போயின. எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ‘மணமகள்’ போகக்கூடாது என்றேன். பெண் தேடுபவரை எப்படிப் பிரிப்பது? அடுத்து ‘இல்லை’, ‘வேண்டாம்’. செவ்வாய் இல்லை, தரகர் வேண்டாம் என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தன. தனியே பொருள் தராத சொற்கள் என்று நினைத்து வெட்டினேன்.

அடுத்த கிழமை பாமன்கடையிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். கணவர் இல்லை. மகளுக்கு முப்பத்தொரு வயது. மூன்று வருடமாக வருகிறார். கொடுக்க வீடோ காணியோ கிடையாது. நிலையத்து அம்மா ‘சீதனம் வேண்டாம்’ என்று தட்டினார். திரை நிரம்பியது.

“இவ்வளவு நல்ல சனமோ!” என்றார் அம்மா.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசிரியை முதல் இலக்கத்தை அங்கிருந்தே அழைத்தார். மறுமுனைக் குரல் எங்களுக்கும் கேட்டது: “பிள்ளைக்குக் கொழும்பில வீடு இருக்கோ?” அவர் போனை வைத்துவிட்டார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விபரத்தைத் திறந்தோம். ‘சீதனம்: கொழும்பில் வீடு’ என்று இருந்தது. ‘வேண்டாம்’ வெட்டப்பட்டதால், ‘சீதனம்’ என்ற சொல் இருந்த அத்தனை பேரையும் கணினி கொண்டுவந்திருந்தது.

“எண்ணினது நான். வெட்டினது நீங்கள், அங்கிள்,” என்றார் இளைஞர், மெதுவாக.

“ஓம். பிழை என்னுடையது,” என்று ஆசிரியையிடம் சொன்னேன்.

“பரவாயில்லை. திருப்பித் தேடுங்கோ.”

‘இல்லை’, ‘வேண்டாம்’ இரண்டையும் வெட்டிய பட்டியலிலிருந்து எடுத்தோம். எல்லா விபரங்களையும் கணினி மறுபடி வாசித்து முடிக்க ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் ஆனது. ‘சீதனம்’, ‘வேண்டாம்’ இரண்டும் அடுத்தடுத்து வரவேண்டும் என்றும் இளைஞர் சேர்த்தார். இந்த முறை நான்கு பேர்.

ஆசிரியை போனைத் தொடவில்லை. “நான் கேக்கிறன், ரீச்சர்,” என்று நிலையத்து அம்மா நால்வரில் முதலாமவரை அழைத்தார்.

“சீதனம் வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். இப்பவும் அப்பிடித்தானோ? பிறகு வீடு, காணி எண்டு கதைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆசிரியையைப் பார்த்துத் தலையசைத்து, போனை நீட்டினார்.