விடுபட்ட நான்காவது வரி

பயிற்சிக்கு வந்தவர்களுக்கு மறுநாளே மெயில் போய்விட வேண்டும். அந்த மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் அவளுக்கு முடி நரைத்ததே அந்த மெயில்களை எழுதித்தான். கிளைகளில் எல்லோருக்கும் அவள் ‘மெயில் அக்கா’.

இந்த முறை பயிற்சி, நோயாளிகளே தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளும் இயந்திரத்தைப் பற்றியது. வந்தவர்கள் பதிவு கவுன்டர் ஊழியர்கள். அவளுடைய சித்தி மகளும் அவர்களில் ஒருத்தி. அந்த வேலையை வாங்கித் தந்தவளே இவள்தான்.

வகுப்பில் எழுந்து கேட்டவளும் அந்தத் தங்கைதான். “மெஷின் வந்தா எங்க வேலை போயிடுமா சார்?”

“யாருக்கும் போகாது. நான் பொறுப்பு” என்றார் வகுப்பெடுத்த பயிற்சிப் பிரிவு மேலாளர். அறையே மூச்சு விட்டது.

மெயிலில் ஸ்லைடுகளின் சாரத்தை மூன்று வரிகளாக எழுதினாள்: இயந்திரம் எதைப் பதியும், எதைப் பதியாது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது. நான்காவதாக, ‘யாருடைய வேலையும் போகாது.’ கீழே அடுத்த கட்டம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொரு கிளையும் சோதனை ஓட்டத்துக்கு ஒருவர் பெயர் தர வேண்டும்.

மேலாளர் படித்தார். “நாலாவத எடுத்துடுங்க.”

“நீங்கதானே சார் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?”

“ஸ்லைடுல இருந்துச்சா? இல்லல்ல?”

“அதக் கேட்டுத்தான் சார் எல்லாரும் தலையாட்டினாங்க.”

“ஆட்டியாச்சுல்ல? அப்புறம் என்ன?”

அழித்தாள். ஸ்லைடுகளை இணைத்து அனுப்பினாள்.

சற்று நேரத்தில் தங்கை அனைவருக்கும் பதில் போட்டாள்: “அக்கா, வேலை போகாதுன்னு சார் சொன்னது விட்டுப்போச்சு. சேர்த்து அனுப்பிடுங்க.” பாவி மகள்! அக்கா மறந்துவிட்டாள் என்றே நம்பினாள்.

மேலாளர் கூப்பிட்டார். “சுருக்கம் சரியானதுதான்னு எல்லாருக்கும் போட்டுடுங்க. உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்கறதும் என் மேஜைக்குத்தான் வருது, ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. ‘ஸ்லைடுகளின்படி சுருக்கம் சரியானது’ என்று அடித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

தங்கையின் போன் வந்தது.

“அவர் சொன்னாரா, இல்லையாக்கா?”

“சொன்னாருடி.”

“அப்போ அத எழுது.”

“எழுத முடியாதும்மா... என் நிலைமைய...”

“நாளைக்கு எங்கள வெளிய அனுப்பினா எதக் காட்டிக் கேக்கறது? உன் மூஞ்சியையா?”

போன் வைக்கப்பட்டது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கணவன் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பெயர் வந்தது. தங்கையின் கிளையிலிருந்து. சோதனை ஓட்டத்துக்கு அவர்கள் தந்திருந்தது தங்கையின் பெயரையே. தன் நாற்காலியைப் பறிக்கப்போகும் இயந்திரத்துக்கு வேலை கற்றுக்கொடுக்கத் தங்கையே நிற்க வேண்டும். கேள்வி கேட்ட வாயைக் கிளை மேலாளர் அப்படித்தான் அடைத்திருந்தார்.

‘பெயர் கிடைத்தது. நன்றி’ என்று மெயில் அக்கா பதில் எழுதினாள்.