இரண்டு காதும் தெரிய வேண்டும்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் கணவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வங்காளத்தில், டாக்குரியா ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டுடியோ. அவர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகப்பருவை அழிப்பேன், வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தைக் குறைப்பேன், பின்னணியை நீலமாக்குவேன். ஒருவர் முகத்தை அத்தனை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். நான் மட்டும் என்ன விதிவிலக்கா?

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் அந்தப் பையன் வந்தான். பையன் என்றால் இருபத்தைந்து வயது இருக்கும், ஆள் நல்ல உயரம். தாடி நீளமாக இருந்தது, தலைமுடி மட்டும் ஒட்ட வெட்டியிருந்தது. பாஸ்போர்ட் அளவுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டான். கணவர் டீ சொல்ல வெளியே போன நேரம் பார்த்து என் மேஜைக்கு வந்தான். இந்தியும் வங்காளமும் கலந்து பேசினான்.

"ஆன்ட்டி, இந்தப் படத்துல என் தலைக்குப் பக்டி போட முடியுமா? சர்தார்ஜிங்க கட்டுற மாதிரி தலைப்பாகை."

எனக்கு உடனே உள்ளுக்குள் மணி அடித்தது. யார் பெயரிலோ பரீட்சை எழுதப் போகிறானா? யாருடைய லைசன்ஸையாவது மாற்றப் போகிறானா?

"நீங்க சர்தார்ஜியா?"

சட்டைக் கையை மேலே தள்ளி, சர்தார்ஜிகள் போடுகிற இரும்புக் காப்பைக் காட்டினான். காப்பு கடையில்கூட விற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு துணியைக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தா ஒரு நிமிஷ வேலை. எதுக்கு இதெல்லாம்?"

"வெட்டின தலையில கட்டினா அது பொய், ஆன்ட்டி."

"இது மட்டும் என்னவாம்?"

"இது போட்டோதானே," என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. பொய்யிலும் தரம் பிரித்து வைத்திருக்கிற ஆளை எப்படி நம்புவது? வேலை முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கணவர் வந்து, "அதுக்கென்ன, பண்ணிடலாம்," என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு வருகிறவன் எல்லாம் நல்லவன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகம் தீர்ந்தது. அவன் நெற்றியில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே வெயில் பட்ட நிறம். மேலே, முடி தொடங்குகிற இடம் வரை, வெயிலே படாத வெளுப்பு. வருஷக்கணக்காகத் துணிக்குள் இருந்த நெற்றி அது. ஆக, ஆள் உண்மையான சர்தார்ஜிதான். அப்படியென்றால் ஏமாறப்போவது யார்? பெண் வீட்டார்தான் என்று நானே முடிவு கட்டினேன். எங்கேயோ ஒரு அப்பாவிப் பெண் இந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டப் போகிறாள் என்று எரிச்சலாக வந்தது.

எரிச்சல் இருந்தாலும் கைக்கு வேலை பிடித்திருந்தது. லைசன்ஸுக்காகப் படம் எடுத்துக்கொண்ட ஒரு டாக்ஸி டிரைவரின் தலைப்பாகை எங்களிடம் இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி வெட்டி எடுத்து, பையனின் படத்துக்கு மேலே தனி அடுக்காக வைத்தேன். டிரைவர் தலை சின்னது, இவன் தலை பெரியது. அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் மடிப்புகளும் தடித்துப் போகும். அதனால் அகலத்தைக் கொஞ்சமாகவே கூட்டி, ஓரத்து மடிப்புகளைப் பிரதி எடுத்துப் பக்கவாட்டில் ஒட்டினேன். டிரைவருக்கு வெளிச்சம் வலப்பக்கம், இவனுக்கு இடப்பக்கம். சரிதான் என்று தலைப்பாகையைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பினேன். வேலை சுலபமாக முடிந்தது என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் வந்தவன் பார்த்ததுமே சொன்னான். "கடைசிச் சுத்து இந்தப் பக்கம் வராது. எங்க வீட்ல எல்லாருக்கும் எதிர்ப்பக்கம்."

திரும்பவும் பழையபடி திருப்பி, நிழலை எல்லாம் கையாலேயே வரைந்தேன். நெற்றியில் துணியின் ஓரத்துக்குக் கீழே மெல்லிய நிழல் கொடுக்காவிட்டால் தலைப்பாகை காற்றில் மிதக்கும். கிருதாவை அழித்தேன். டிரைவரின் சிவப்பை இவன் கேட்ட கருநீலமாக்கினேன்.

அப்புறம் காதுகள். டிரைவரின் தலைப்பாகை காதை மூடிக்கொண்டு இறங்கியது. அதை அப்படியே வைத்தால் இவன் காதில் பாதி காணாமல் போகும். எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம். விசாவுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, கல்லூரிக்கு என்று வருகிற பெண்களிடமெல்லாம் "முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும்" என்று நாள் முழுக்கச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆகவே பழைய படத்திலிருந்து இவன் காதுகளை முழுசாக எடுத்து, துணிக்கு மேலே கொண்டுவந்து வைத்தேன். துணி காதுக்குப் பின்னால் இறங்கியது. பளிச்சென்று இருந்தது.

பையன் நெடுநேரம் பார்த்தான். "என்னமோ இடிக்குது, ஆன்ட்டி. என்னன்னு சொல்லத் தெரியல."

"காது தெரியணும். ரூல் அதுதான்," என்று வாயை அடைத்தேன். பிரிண்டின் பின்னால் ஸ்டுடியோ முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான்.

பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த வாரம் ஒரு அம்மாள் வந்தார். சல்வார் கமீஸ், தலையில் துப்பட்டா, கையில் துணிப்பை. அசன்சோலிலிருந்து விடிகாலை வண்டியில் ஹவுரா வந்து, அங்கிருந்து விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். பின்பக்கம் எங்கள் முத்திரை.

"இது இங்க எடுத்ததா?"

பெண் வீட்டார் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணவரைப் பார்த்தேன். அவர் ஃபிலிம் ரோலைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

"ஆமா பெஹன்ஜி, இங்க எடுத்ததுதான்."

"அப்படியேவா எடுத்தீங்க?"

"அப்படியேதான்." கூசாமல் சொன்னேன். கடை பேர் கெடக்கூடாதே.

அவர் படத்தை என் மேஜையில் வைத்து, விரலால் ஓரத்தைத் தொட்டார். "அப்ப இந்தக் காது யாரோடது?"

நான் குனிந்து படத்தைப் பார்த்தேன்.

"நான் அவனோட அம்மா. பிறந்ததுல இருந்து கத்திரியே படாத முடி. பதினோரு வயசுல கட்ட ஆரம்பிச்சான். தினமும் காலையில துணியோட ஒரு முனையை அவன் பிடிப்பான், இன்னொரு முனையை நான் பிடிப்பேன். இழுத்து மடிச்சுக் குடுப்பேன். அவன் காதுல மேல்பாதி துணிக்குள்ள போயிடும். மிச்சம் தலையோட ஒட்டிக் கிடக்கும். இங்க ரெண்டு காதும் விறைச்சுக்கிட்டு நிக்குது. கட்டின தலையில காது இப்படி நிக்காது." குரலை உயர்த்தவே இல்லை. "முடியை வெட்டிட்டானா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார், மகனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், மகன் லீவு இல்லை என்று படத்தை அனுப்பிவிட்டான், இதுதான் கதை. பெண் வீடும் இல்லை, கல்யாணமும் இல்லை. தபால் வந்ததும் அவர்தான் முதலில் பிரித்திருக்கிறார். இன்னும் தன் கணவரிடம் காட்டவில்லை.

"இதை அவர் பார்த்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவார். அதைத் தாங்குற உடம்பு இல்லை இப்போ. காதைச் சரி பண்ணு."

இந்த இடத்திலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. மகனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆதாரம் தேடுகிறாரோ என்றுதான் நினைத்தேன். ஆனாலும் படத்தைத் திரையில் திறந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் தோளோடு தோளாக உட்கார்ந்தார்.

"துணியைக் கீழ இறக்கு. இன்னும். நெத்தி நடுவுல இருந்து சரிஞ்சு வந்து காது மேல உட்காரணும்." இறக்கினேன். காதின் மேல்பகுதி துணிக்குள் போனது. மீதிக் காதை அகலம் குறைத்து, மடலைக் கன்னத்தோடு சேர்த்து ஒட்டினேன். நான் போட்ட மடிப்புகள் காதுக்கு அருகில் விரிந்து கிடந்தன. "அங்க விரியாது, அங்க நெருக்கமா வரும். எல்லா மடிப்பும் நெத்தி நடுவைப் பார்த்து ஏறணும்," என்றார். ஒவ்வொரு மடிப்பாக வளைத்துத் திருப்பினேன். துணி அழுத்துகிற இடத்தில், காதுக்குள் கொஞ்சம் நிழல் போட்டேன். நெற்றி நடுவில் உள்துணி முக்கோணமாக எட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் வைத்ததைப் பார்த்து, "இவ்வளவு பெருசா விட மாட்டான். நகம் அளவுதான்," என்றார். அதையும் குறைத்தேன்.

சரியாக வந்ததும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மகன் வந்து நிற்பதுபோலத்தான் இருந்தது. எனக்கே அவன் அப்போதுதான் அவனாகத் தெரிந்தான்.

"மேல இருக்கிறதை எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அந்த அடுக்கை மறைக்க ஒரு சொடுக்குப் போதும். தலைப்பாகை போய்விட்டது. ஒட்ட வெட்டிய தலையும் வெளுத்த நெற்றியுமாக மகன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் அழவில்லை. துப்பட்டாவை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். என் கணவர் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது.

"திரும்பப் போடு," என்றார். புதுப் பிரிண்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது என் கையைப் பிடித்தார். "நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். அவன் நிம்மதியா இருக்கட்டும்." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மகன் வாடகைக்குத் தங்கியிருக்கும் மெஸ் நடந்து போகிற தூரம்தான். அந்தப் பக்கம் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

குளிர் ஆரம்பித்தபோது பையன் வந்தான். முகம் நிறையச் சிரிப்பு. "அப்பா படத்தைத் தலைமாட்டுலயே வெச்சிருக்காராம், ஆன்ட்டி. அம்மா போன்ல சொன்னாங்க. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரல. குருநானக் ஜெயந்திக்குக் குங்குமப்பூ நிறத்துல இன்னொண்ணு வேணும்."

நிறத்தை மாற்றத்தானே, நிமிஷ வேலை என்று யோசிக்காமல் கோப்பைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்த படம் திரையில் வந்து நின்றது. சட்டென்று மூடியிருக்கலாம். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அவன் திரைக்கு அருகில் குனிந்தான். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அன்றைக்குச் சொல்லத் தெரியாதது இப்போது தெரிந்துவிட்டது.

"இது நீங்க பண்ணது இல்ல," என்றான். "முக்கோணம் இவ்வளவு சின்னதா இருக்கணும்னு உங்களுக்குத் தெரியாது."

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். குங்குமப்பூ நிறத்தைத் தேடுவதுபோலத் திரையையே பார்த்தேன். என் கணவர் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கும் தெரியுமா?"

"இல்லப்பா. அம்மாவுக்கு மட்டும்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான். "இந்தத் துணி இல்லாம... அதையும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

அவன் இரண்டு கைகளையும் தூக்கி, என் எதிரிலேயே, தன் தலையை மூடிக்கொண்டான்.